ஸ்கோர் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து தேவையான ரன் ரேட்டும் வெற்றி வாய்ப்பும் கணக்கிடுவது எப்படி?

2024 ஜூன் 29, சனிக்கிழமை இரவு. டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி பார்படாஸில் நடக்கிறது, நான் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்தில் இருக்கிறேன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் வீடியோ ஓடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டும் வந்து விழும். மாமா பையன் அனுப்பிய படத்தில் இவ்வளவுதான் இருந்தது:

```
IND 176/7 (20)
SA  147/4 (15)
CRR 9.80   RRR 6.00
```

கீழே அவன் கேள்வி: "அண்ணே, போச்சுல்ல?"

போய்விட்டதா இல்லையா என்பதை அந்த மூன்று வரியை வைத்தே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். எப்படி என்று அந்தப் போட்டியையே வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பதால், கணக்கு எங்கே சரியாகப் போகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் படத்தைச் சரியாகப் படிப்பது

படத்திலிருந்து நமக்கு வேண்டியது நான்கே எண்கள்: இலக்கு, துரத்தும் அணியின் ரன், விழுந்த விக்கெட், போன ஓவர். இதில் முதல் எண்ணிலேயே பலர் தவறுகிறார்கள். இந்தியா 176 எடுத்தது என்றால் இலக்கு 177. 176-ல் நின்றால் டை, சூப்பர் ஓவர். எனவே 147-ல் இருக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு இன்னும் வேண்டியது 30, 29 அல்ல. சில திரைகளில் "Target 177" என்றே போட்டிருப்பார்கள். அப்போது மறுபடி ஒன்று கூட்டிவிடக் கூடாது.

அடுத்து, விக்கெட்டும் ரன்னும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். நமக்குப் பழக்கமானது 147/4. ஆஸ்திரேலிய ஒளிபரப்பில் விக்கெட்டை முன்னால் வைத்து 4/147 என்று போடுவார்கள். நடு ஆட்டத்தில் குழப்பம் வராது. ஆனால் தொடக்கத்தில் 2/3 என்று ஒரு படம் வந்தால், இரண்டு ரன்னுக்கு மூன்று விக்கெட்டா, மூன்று ரன்னுக்கு இரண்டு விக்கெட்டா என்பதில் ஆட்டமே மாறிவிடும்.

மூன்றாவது, படம் எவ்வளவு பழையது? செல்போனின் மேல் மூலையில் நேரம் தெரியும், அதைப் பாருங்கள். இந்த ஓவரில் போன பந்துகளை வட்டம் வட்டமாகக் காட்டும் வரி இருந்தால், ஓவர் எண்ணோடு அது பொருந்துகிறதா என்று எண்ணிப் பாருங்கள். 15.3 என்று போட்டுவிட்டு நான்கு வட்டம் இருந்தால் ஒன்று வைடோ நோபாலோ இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஸ்கோர் ஒரு பந்து பின்தங்கியிருக்கிறது. வைடும் நோபாலும் ரன்னைக் கூட்டும், பந்தைக் குறைக்காது. நெருக்கமான ஆட்டத்தில் ஒரு வைடு துரத்தும் அணிக்கு இனிப்பது இதனால்தான்.

ஓவரைப் பந்தாக மாற்றுவது

இந்த முழுக் கணக்கிலும் அதிகம் சறுக்கும் இடம் இது. 17.4 ஓவர் என்றால் பதினேழு ஓவரும் நான்கு பந்தும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, பந்து எண்ணிக்கை. அது 5-க்கு மேல் போகாது, ஆறாவது பந்து விழுந்ததும் 18 ஆகிவிடும்.

அதே இறுதிப் போட்டியில் 17.4-ல் பும்ரா வீசிய பந்தில் யான்சன் போல்டானார், ஸ்கோர் 156/6. இந்த இடத்தில் கால்குலேட்டரில் 20 கழித்தல் 17.4 என்று போட்டால் 2.6 வரும். 21 ரன்னை 2.6-ஆல் வகுத்தால் 8.08. பார்க்கச் சரிபோலத் தெரியும், ஆனால் தப்பு. பதினேழு ஓவருக்கு 102 பந்து, அதோடு நான்கு, ஆக 106. மொத்தம் 120-ல் மீதி 14 பந்து. 21 ரன்னை ஆறால் பெருக்கி 14-ஆல் வகுத்தால் சரியாக 9. ஓவருக்கு எட்டு வேண்டும் என்பதும் ஒன்பது வேண்டும் என்பதும் கடைசி இரண்டு ஓவரில் வேறு வேறு ஆட்டங்கள்.

எனவே எப்போதும் இந்த வரிசையில் போங்கள்: ஓவரைப் பந்தாக்கு, மொத்தப் பந்திலிருந்து கழி, வேண்டிய ரன்னை ஆறால் பெருக்கி மீதிப் பந்தால் வகு. மாமா பையன் படத்தில் 15 ஓவர் என்பது 90 பந்து, மீதி 30. வேண்டியது 30. ஆகவே ரன் ரேட் 6.00, திரையில் இருந்ததும் அதுவே. நம் கணக்கும் திரையின் RRR-உம் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் மழையால் ஓவர் குறைந்திருக்கும். மொத்தப் பந்து 120 அல்ல என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

ஆறு ரன் ரேட்டை வெற்றி வாய்ப்பாக மாற்றுவது

தேவையான ரன் ரேட்டைத் தற்போதைய ரன் ரேட்டோடு ஒப்பிட்டு, "9.80-ல் போகிறார்கள், 6 போதும், முடிந்தது கதை" என்று சொல்லிவிடுவது எளிது. அன்று இரவு பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அப்படித்தான் சொன்னார். CRR நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது மீதிப் பந்துகளில் என்ன வரும் என்ற கணிப்பு. அதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: எவ்வளவு ரன் வரும் என எதிர்பார்க்கலாம், அது எவ்வளவு முன்பின் ஆகலாம்.

முதல் எண்ணை ஓவர் ஓவராகப் போடுங்கள். டி20-யின் கடைசி ஓவர்களில், நிலைத்து நிற்கும் இரண்டு பேட்ஸ்மேன்கள் ஆடும்போது சாதாரண பவுலருக்கு ஓவருக்கு 9 ரன் என்று நான் வைத்துக்கொள்வேன். புதிதாக வந்த ஆள் ஒருவர் இருந்தால் 8. எதிரணியின் தலைசிறந்த பவுலருக்கு 6. இவை என் தோராயம். சின்ன மைதானம், இரவில் பனி விழும் களம் என்றால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், பந்து நின்று வரும் களம் என்றால் ஒன்று குறையுங்கள்.

அன்று 15 ஓவர் முடிந்தபோது பும்ராவிடம் இன்னும் இரண்டு ஓவர் இருந்தது. ஸ்கோர் அட்டையைத் தொட்டுப் பார்த்தால் பவுலர் வரிசையில் தெரியும் இந்தத் தகவல், ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் வராது. அனுப்புகிறவரிடம் கேட்டு வாங்க வேண்டும். நானும், "பும்ராவுக்கு எத்தனை ஓவர் மிச்சம்?" என்றுதான் திருப்பிக் கேட்டேன். க்ளாசனும் மில்லரும் களத்தில். ஆகவே எதிர்பார்ப்பு: பும்ராவுக்கு 12, மற்ற மூன்று ஓவருக்கு 27, மொத்தம் 39.

இரண்டாவது எண், முன்பின் ஆகும் அளவு. நூறு பந்தை எடுத்துக்கொள்வோம். 33 பந்து ரன் இல்லை, 38 ஒற்றை, 9 இரட்டை, 12 நான்கு, 8 சிக்ஸர் என்று வைத்தால் 152 ரன் வரும், ஏறக்குறைய ஓவருக்கு 9. இந்தப் பரவலின் திட்ட விலக்கம் பந்துக்கு 1.8 ரன். பந்துகள் கூடக்கூட இது வர்க்கமூலத்தால் வளரும். அதாவது மீதிப் பந்தின் வர்க்கமூலத்தை 1.8-ஆல் பெருக்கினால் போதும். மனதில் வைத்துக்கொள்ள: 36 பந்துக்கு 11, 30-க்கு 10, 24-க்கு 9, 18-க்கு ஏழரை, 12-க்கு 6, கடைசி ஓவருக்கு நாலரை.

இப்போது எதிர்பார்ப்பிலிருந்து தேவையைக் கழித்து, அதை முன்பின் அளவால் வகுங்கள். விடை 0 என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 0.5 என்றால் நூற்றுக்கு 69, 1 என்றால் 84, ஒன்றரை என்றால் 93, இரண்டு என்றால் 98. விடை கழித்தல் குறியோடு வந்தால் அதே எண்ணை நூறிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

15 ஓவரில்: 39 கழித்தல் 30, அது 9. பத்தால் வகுத்தால் 0.9. தென்னாப்பிரிக்காவுக்கு வாய்ப்பு 82. இந்தியாவுக்கு 18. "போகல, ஆனா கஷ்டம், அஞ்சுல ஒண்ணு" என்று பதில் போட்டேன்.

அதே ஆட்டம், ஓவர் ஓவராக

ஒரு படத்தோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தால்தான் இந்த முறையின் குணம் புரியும்.

14 ஓவர் முடிவில் 123/4, தேவை 36 பந்தில் 54. எதிர்பார்ப்பு 48. ஆறு ரன் குறைவு, பதினொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 0.55, கழித்தலில். தென்னாப்பிரிக்காவுக்கு 29. அதற்கடுத்த ஓவரை அக்சர் படேல் வீச, 24 ரன் போனது. ஒரே ஓவரில் 29 என்பது 82 ஆகிவிட்டது. ஒரு ஓவர் பழைய படத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எவ்வளவு தப்பும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

16-வது ஓவர் பும்ரா, நான்கே ரன். 151/4, தேவை 24 பந்தில் 26. ரன் ரேட் 6.50-க்கு ஏறியது. ஆனால் பும்ராவின் ஓவர் ஒன்று செலவாகிவிட்டதே! மீதி எதிர்பார்ப்பு பும்ராவுக்கு 6, மற்ற மூன்றுக்கு 27, ஆக 33. வாய்ப்பு 79. நான்கு ரன் மட்டும் கொடுத்த ஓவருக்குப் பிறகும் எண் பெரிதாக அசையவில்லை. ஏனென்றால் அந்த ஓவரில் அதிகம் வராது என்பதை முன்பே கணக்கில் சேர்த்துவிட்டோம்.

அசைத்தது அடுத்த பந்து. 16.1-ல் ஹர்திக் பாண்டியா பந்தில் க்ளாசன் அவுட், 27 பந்தில் 52 அடித்திருந்தவர். ரன் எதுவும் மாறவில்லை, ஒரு பந்துதான் குறைந்தது. தேவையான ரன் ரேட் 6.50-லிருந்து 6.78. வெறும் ரன் ரேட்டைப் பார்ப்பவருக்கு எதுவும் நடக்காதது போல இருக்கும். நம் கணக்கில் 9 என்பது 8 ஆகிறது: ஹர்திக்கின் மீதி ஐந்து பந்துக்கு 7, பும்ராவுக்கு 6, மற்ற இரண்டுக்கு 16, ஆக 29. மூன்று ரன்தான் உபரி. வாய்ப்பு 60-ஐச் சற்றுத் தாண்டி நிற்கிறது. ஒரு விக்கெட்டின் விலை இங்கே பதினைந்துக்கும் மேல்.

17 ஓவர் முடிவில் 155/5, 18 பந்தில் 22. எதிர்பார்ப்பும் 22. பாதிக்குப் பாதி. 18 ஓவர் முடிவில் 157/6, பும்ரா இரண்டே ரன் கொடுத்திருந்தார். 12 பந்தில் 20, எதிர்பார்ப்பு 16, வாய்ப்பு 26. அர்ஷ்தீப் 19-வது ஓவரில் நான்கு ரன் கொடுக்க, கடைசி ஓவரில் 16 தேவை. எதிர்பார்ப்பு 8, நாலரையால் வகுத்தால் 1.8, வாய்ப்பு 4-க்கும் கீழே. அந்த ஓவரின் முதல் பந்தில் மில்லர் தூக்கி அடிக்க, எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பந்தைத் தட்டிவிட்டு மறுபடி பிடித்தார். 169/8. ஏழு ரன்னில் இந்தியா வென்றது.

கடைசி ஓவருக்கு மட்டும் இந்தச் சூத்திரத்தை நான் அதிகம் நம்புவதில்லை. ஆறு பந்தில் சராசரியும் பரவலும் பேசுவதைவிட, எத்தனை பவுண்டரி வேண்டும் என்று எண்ணுவது நல்லது. 16 வேண்டுமென்றால் இரண்டு சிக்ஸரும் மீதி நான்கு பந்தில் நான்கு ரன்னும். அடிக்கக்கூடிய ஆள் ஸ்ட்ரைக்கில் இருக்கிறாரா என்பதே அங்கே முதல் கேள்வி. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியோ சின்ன மட்டைப் படமோ அதைச் சொல்லும்.

0 என்றும் எழுதாதீர்கள். 2023 ஏப்ரலில் அகமதாபாத்தில் கொல்கத்தாவுக்குக் கடைசி ஓவரில் 29 தேவைப்பட்டது. முதல் பந்தில் ஒரு ரன், பிறகு ரிங்கு சிங் தொடர்ந்து ஐந்து சிக்ஸர். பத்துப் பந்துக்கு ஒரு சிக்ஸர் என்று வைத்தாலும் தொடர்ந்து ஐந்து என்பது லட்சத்தில் ஒன்று.

அடிக்கடி போடுகிறவர்கள் இதை ஷீட்டில் வைத்துக்கொள்ளலாம். A2-ல் திரையில் உள்ள ஓவர், D2-ல் தேவையான ரன், E2-ல் நீங்கள் எதிர்பார்க்கும் ரன். மற்றவை தானாக வரும்:

```
B2  =INT(A2)*6+ROUND((A2-INT(A2))*10,0)
C2  =120-B2
F2  =D2*6/C2
G2  =NORM.S.DIST((E2-D2)/(1.8*SQRT(C2)),TRUE)
```

F2-ல் தேவையான ரன் ரேட், G2-ல் வாய்ப்பு. A2-ல் 17.4 என்று போட்டால் B2-ல் 106 வர வேண்டும். வேறு எண் வந்தால் சூத்திரத்தில் எங்கோ அடைப்புக்குறி தவறியிருக்கிறது. E2 உங்கள் தோராயம் என்பதால், அதில் ஓவருக்கு ஒரு ரன் மாற்றினாலே G2 பத்து பதினைந்து நகரும். மாற்றிப் பாருங்கள், உங்கள் நிச்சயம் எவ்வளவு மெல்லியது என்று தெரியும். பணம் கட்டுவதற்கு இந்த எண் ஆகாது.

ஐம்பது ஓவர் ஆட்டத்தில் வேறு வழி

இந்த முறை ஏறக்குறைய கடைசி அறுபது பந்துக்குத்தான் பொருந்தும், அதுவும் கையில் நான்கு விக்கெட்டாவது இருக்கும்போது. அதற்கு முன்னால் போட்டால் ஏமாற்றும். காரணம், பந்து தீர்வதற்கு முன்னால் விக்கெட் தீர்ந்துவிடலாம் என்பதை அது பார்ப்பதில்லை.

சேப்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 8, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா 199-க்கு ஆல் அவுட். இந்தியா இரண்டு ஓவர் முடிவில் 2/3, நம் வரிசையில், அதாவது இரண்டு ரன், மூன்று விக்கெட். அந்த நொடியில் தேவை 288 பந்தில் 198. ரன் ரேட் 4.13. எண்ணை மட்டும் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைதானத்தில் யாருக்கும் மூச்சு வரவில்லை.

இப்படிப்பட்ட படத்துக்கு ரன் ரேட்டை ஒதுக்கிவிட்டு, விக்கெட்டுக்கு எத்தனை ரன் வேண்டும் என்று பாருங்கள். 198 ரன், கையில் ஏழு விக்கெட், ஒன்றுக்கு 28. அதே களத்தில் ஆஸ்திரேலியா பத்து விக்கெட்டுக்கு எடுத்தது ஒன்றுக்கு 20. ஆக, எதிரணி எடுத்ததைவிட நாம் விக்கெட்டுக்கு எட்டு ரன் அதிகம் எடுத்தாக வேண்டும், அதுவும் மேல்வரிசை மூவர் போன பிறகு. பாதிக்குக் கீழே என்றுதான் நான் சொல்லியிருப்பேன். பந்து ஏராளமாக இருந்ததால் விராட் கோலியும் ராகுலும் அவசரப்படவில்லை. கோலி 85, ராகுல் 97 நாட் அவுட், 41.2 ஓவரில் 201/4. மீதி 52 பந்து. கணக்கு விக்கெட்டில்தான் இருந்தது, பந்தில் இல்லை என்பதை அந்த 52 காட்டுகிறது. பிறகு வந்த படங்களில் விக்கெட் விழாமல் ரன் ஏறஏற, 28 என்ற எண் இறங்கிக்கொண்டே போகும். 20-க்குக் கீழே போன இடத்தில் ஆட்டம் இந்தியா பக்கம் சாய்ந்தது என்று சொல்லலாம்.

மழை வந்த படம்

திரையில் "DLS" என்ற எழுத்தைப் பார்த்தால் மேலே சொன்ன எதையும் போடுவதற்கு முன்னால் மொத்த ஓவரையும் புதிய இலக்கையும் தேடி எடுங்கள். 18 ஓவராகக் குறைந்திருந்தால் 120-க்குப் பதில் 108. இலக்கை நீங்களாக விகிதம் பார்த்துக் குறைக்கக் கூடாது. DLS என்பது மீதி ஓவரோடு மீதி விக்கெட்டையும் சேர்த்து இலக்கைத் திருத்தும் கணக்கு.

அதில் "Par" என்று ஒரு எண் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது இப்போதே ஆட்டம் நின்றால் டை ஆகும் ஸ்கோர். வெல்ல அதைவிட ஒன்று கூட வேண்டும். ஒரு விக்கெட் விழுந்தால் அந்த எண்ணும் உடனே ஏறும்.

2003 மார்ச் 3, டர்பன். உலகக் கோப்பையில் இலங்கை 268/9, துரத்திய தென்னாப்பிரிக்கா மழையில் 45-வது ஓவரை ஆடிக்கொண்டிருந்தது. பந்து வீசியவர் முரளிதரன். 229 எடுத்தால் போதும் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது பந்தில் மார்க் பவுச்சர் சிக்ஸர் அடித்தார், 229 வந்துவிட்டது. கையில் நான்கு விக்கெட், இன்னும் ஒரு பந்து. பவுச்சர் அதைப் பத்திரமாகத் தட்டி வைத்துவிட்டு நின்றார். மழை வலுத்து ஆட்டம் அத்தோடு முடிந்தது. 229 என்பது டை ஸ்கோர், வெற்றிக்கு 230. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து தென்னாப்பிரிக்கா அந்த ஒரு ரன்னில் வெளியேறியது.